ராப்பர் நிறம் திரையில் ஏன் மாறுகிறது?

புத்தகம் அச்சாகி வந்த மறுநாள் அதன் அட்டைப்படத்தைப் பதிப்பகத்தின் இணையதளத்தில் ஏற்றினோம். ஒரு மணி நேரத்தில் எழுத்தாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். "அண்ணே, கையில இருக்கிற புத்தகத்தைப் பாக்குறேன், போன்ல இருக்கிற படத்தைப் பாக்குறேன். ரெண்டும் ஒரே புத்தகம்தானா?"

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். கையில் இருந்த ராப்பரில் பின்னணி ஆழமான வான்நீலம், நடுவில் குங்குமச் சிவப்பில் ஒரு பொட்டு, ஓரத்தில் வாழையிலைப் பச்சை. திரையிலோ நீலம் கண்ணைக் கூசும் பச்சைநீலமாகவும், இலை விளையாட்டுத் துப்பாக்கியின் பிளாஸ்டிக் பச்சையாகவும் மாறியிருந்தன. பின்னட்டையில் இருந்த அவருடைய புகைப்படத்தில் முகத்தின் மேல் இலேசாகப் பச்சை ஓடியிருந்தது. அச்சகம் அனுப்பிய கோப்பில் எந்தப் பிழையும் இல்லை. அதை இணையத்துக்கு மாற்றிய முறையில்தான் பிழை.

அச்சகத்திலிருந்து வரும் படங்கள் பெரும்பாலும் சிஎம்ஒய்கே முறையில் இருக்கும். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு மைகள். ஆஃப்செட்டில் மல்டிகலர் என்று சொல்வது இந்த நான்கு பிளேட்டைத்தான். கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு எண்கள் இருக்கும். அந்த இடத்தில் எந்த மை எத்தனை சதவீதம் விழவேண்டும் என்பதை அவை சொல்லும். திரைக்கு மை கிடையாது. அது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளைக் கலந்து நிறம் காட்டுகிறது. ஆகவே நான்கு எண்களை மூன்று எண்களாக மாற்றியாக வேண்டும். இந்த மாற்றத்தை இரண்டு விதமாகச் செய்யலாம், ஒன்று தவறு.

தவறான வழி பள்ளிக்கூடக் கணக்கு போல எளிமையானது. சயான் மை சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது. ஆகவே சயான் நூறு சதவீதம் என்றால் சிவப்பு பூஜ்யம், சயான் பூஜ்யம் என்றால் சிவப்பு 255. மெஜந்தாவுக்கு எதிரில் பச்சை, மஞ்சளுக்கு எதிரில் நீலம். மூன்றையும் கறுப்பு மையின் அளவுக்கு ஏற்ப இருட்டாக்கிவிட்டால் முடிந்தது. சூத்திரமாக எழுதினால் இப்படி:

```
R = 255 × (1 − C) × (1 − K)
G = 255 × (1 − M) × (1 − K)
B = 255 × (1 − Y) × (1 − K)
```

எங்கள் ராப்பரை இந்தச் சூத்திரத்தில் போட்டுப் பார்ப்போம். பின்னணி சயான் 100 சதவீதம், மற்றவை பூஜ்யம். விடை 0, 255, 255. திரையால் காட்ட முடிந்த மிகப் பளிச்சென்ற பச்சைநீலம் இது. எந்தக் காகிதத்திலும் எந்த மையும் இந்த நிறத்தைக் கொடுத்ததில்லை. இலை சயான் 100, மஞ்சள் 100; விடை 0, 255, 0. திரையின் பச்சை விளக்கு முழு வெளிச்சத்தில் எரிகிறது என்று பொருள். எழுத்தாளர் பார்த்தது இதைத்தான்.

சூத்திரம் ஏன் பொய்க்கிறது? அது கற்பனை மையை வைத்துப் போட்ட கணக்கு. அச்சகத்துச் சயான் மை சிவப்பு ஒளியை மட்டும் உறிஞ்சிவிட்டு நிற்பதில்லை. பச்சையிலும் நீலத்திலும் கொஞ்சம் தின்றுவிடுகிறது. மெஜந்தாவும் அப்படித்தான். போதாததற்கு ஆர்ட் பேப்பரில் மை மேலேயே நிற்கும், சாதாரணத் தாளில் உள்ளே இறங்கி மங்கும். அதாவது சயான் 100 என்பது நிறத்தின் பெயர் ஆகாது. எவ்வளவு மை போடவேண்டும் என்ற குறிப்பு, அவ்வளவே. சமையல் குறிப்பில் "ஒரு கரண்டி உப்பு" என்று இருந்தால், எந்தக் கரண்டி என்று தெரியாமல் குழம்பின் ருசியைச் சொல்ல முடியாது அல்லவா?

எந்தக் கரண்டி என்று சொல்வதுதான் கலர் புரொஃபைல். இதற்குப் பொது வடிவம் வகுக்க 1993இல் அடோபி, ஆப்பிள், கோடாக், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் சேர்ந்து பன்னாட்டுக் கலர் கூட்டமைப்பைத் தொடங்கின. அதன் ஆங்கிலச் சுருக்கம்தான் கோப்புகளின் வாலில் நாம் பார்க்கும் `.icc`. ஓர் அச்சுமுறைக்குப் புரொஃபைல் தயாரிப்பது பொறுமையான வேலை. நான்கு மைகளின் வெவ்வேறு கலவைகளைச் சிறு கட்டங்களாக ஒரு தாளில் அச்சடிக்கிறார்கள். பரவலாகப் பயன்படும் ஓர் அட்டவணையில் 1,617 கட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் திரும்பும் ஒளியைக் கருவியால் அளந்து, மனிதக் கண்ணுக்கு அது என்ன நிறமாகத் தெரியும் என்பதை எண்களாகப் பதிகிறார்கள். இன்ன மை விகிதம் இந்தக் காகிதத்தில் இன்ன நிறம் என்ற அகராதி அது. மறுபக்கம் போவதற்கும், அதாவது இந்த நிறம் வேண்டுமானால் எவ்வளவு மை என்பதற்கும், அதிலேயே இன்னோர் அட்டவணை உண்டு.

திரைப் பக்கத்து அகராதியின் பெயர் எஸ்ஆர்ஜிபி. ஹியூலெட் பேக்கார்டும் மைக்ரோசாஃப்டும் 1996இல் முன்வைத்தன. 1999இல் அது பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரமானது. அன்றைய கண்ணாடிக்குழாய் மானிட்டர்களை மனதில் வைத்து எழுதப்பட்ட அளவு என்றாலும், இன்றுவரை இணையத்தின் பொதுமொழி அதுதான். எந்தப் புரொஃபைலும் ஒட்டாத ஆர்ஜிபி படத்தை எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது பிரவுசர்களுக்கான விதி.

சரியான வழி இப்போது விளங்கும். மை எண்களை அச்சு அகராதியில் தேடிக் கண்ணுக்குத் தெரியும் நிறத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அந்த நிறத்துக்கு எஸ்ஆர்ஜிபி அகராதியில் என்ன எண் என்று பார்க்க வேண்டும். எங்கள் ராப்பரை அப்படி மாற்றியபோது பின்னணி 0, 174, 239 ஆயிற்று. இலை 0, 166, 81. மெஜந்தா 100, மஞ்சள் 100 ஆன பொட்டு, சூத்திரப்படி 255, 0, 0 என்று எரிந்துகொண்டிருந்தது. புரொஃபைல் வழியே 237, 28, 36 என்று குங்குமத்துக்குத் திரும்பியது. போட்டோஷாப்பின் வழக்கமான அமைப்பில், `U.S. Web Coated (SWOP) v2` என்ற அச்சுப் புரொஃபைலிலிருந்து கிடைக்கும் எண்கள் இவை. புரொஃபைல் வேறானால் எண்களும் கொஞ்சம் நகரும்.

முகத்தில் ஓடிய பச்சைக்கும் இதிலேயே விடை இருக்கிறது. உண்மை மைகள் தூய்மையற்றவை என்பதால், சாம்பல் நிறம் வரவேண்டுமானால் மூன்றையும் சமமாகப் போடக் கூடாது. சயான் கொஞ்சம் தூக்கலாக வேண்டும். சயான் 50, மெஜந்தா 40, மஞ்சள் 40 என்பது காகிதத்தில் ஏறக்குறைய நடுநிலையான சாம்பல். சூத்திரத்தில் அதே கலவை 128, 153, 153 ஆகிறது. பச்சையும் நீலமும் ஏறி, சிவப்பு இறங்கிவிடுகிறது. படத்தில் எங்கெல்லாம் நிழலும் தோலும் சாம்பலும் இருக்கிறதோ அங்கெல்லாம் இந்தச் சாயம் படியும். ஒரு படம் சூத்திரத்தால் மாற்றப்பட்டதா என்று சோதிக்க நான் முதலில் பார்ப்பது சாம்பலைத்தான்: சிமெண்ட் சுவர், வெள்ளை வேட்டியின் மடிப்பு நிழல், நரைத்த தாடி. கலர் எடுக்கும் கருவியை அங்கே வைத்தால் மூன்று எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். சிவப்பு மட்டும் இருபதுக்கு மேல் பின்தங்கி நின்றால் மாற்றம் தவறு.

இனி வேலைக்கு வருவோம். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: படத்துக்குள் புரொஃபைல் இருக்கிறதா? இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருள் இருந்தால் ஒரே வரியில் கேட்டுவிடலாம்.

```
magick identify -format "%[colorspace] %[profile:icc]\n" wrapper.jpg
```

`CMYK` என்றும் அதன் பக்கத்தில் புரொஃபைலின் பெயரும் வந்தால் பாதி வேலை முடிந்தது. இருக்கிற புரொஃபைலிலிருந்து எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றச் சொன்னால் போதும்:

```
magick wrapper.jpg -intent relative -black-point-compensation \
  -profile sRGB.icc wrapper-web.jpg
```

`CMYK` மட்டும் வந்து பெயர் இடம் காலியாக இருந்தால், கரண்டி எது என்று நாமே சொல்லவேண்டும். அப்போது இரண்டு புரொஃபைல்களைக் கொடுக்கிறோம். முதலாவது, இந்த எண்கள் இந்த அச்சுமுறைக்கு எழுதப்பட்டவை என்று அறிவிக்கிறது. இரண்டாவது, அங்கிருந்து எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுகிறது.

```
magick wrapper.jpg -intent relative -black-point-compensation \
  -profile USWebCoatedSWOP.icc -profile sRGB.icc wrapper-web.jpg
```

எதை அறிவிப்பது என்பதற்கு நல்ல வழி அச்சகத்தையே கேட்பது. பதில் கிடைக்காவிட்டால் ஊகிக்க வேண்டியதுதான். எனக்குத் தெரிந்த டிடிபி கடைகளில் போட்டோஷாப்பை நிறுவிய நாளில் இருந்த கலர் அமைப்பை யாரும் தொட்டதில்லை; அங்கிருந்து வரும் கோப்புகளுக்கு மேலே சொன்ன அமெரிக்கப் புரொஃபைல்தான் பொருந்துகிறது. ஐரோப்பியப் பதிப்பகத்துக் கோப்பானால் `Coated FOGRA39` வைத்துப் பார்ப்பேன். இரண்டிலும் மாற்றி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முகத்தையும் சாம்பலையும் பார்த்து முடிவெடுக்கலாம். ஊகம் தவறினாலும் பெரிய சேதம் இல்லை. இந்த இரண்டு புரொஃபைல்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு, புரொஃபைலுக்கும் சூத்திரத்துக்கும் உள்ள வேறுபாட்டைவிட மிகச் சிறியது.

கட்டளையில் உள்ள மற்ற இரண்டு சொற்களையும் சொல்லிவிடுகிறேன். `-intent relative` என்பது காகிதத்தின் வெள்ளையைத் திரையின் வெள்ளையாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அது இல்லாமல் உள்ளது உள்ளபடி மாற்றினால் தாளின் பழுப்பும் படத்தோடு சேர்ந்து வரும். `-black-point-compensation` கறுப்புப் பக்கத்தில் அதே வேலையைச் செய்கிறது. காகிதத்தில் எவ்வளவு மை கொட்டினாலும் கொஞ்சம் ஒளி திரும்பத்தான் செய்யும். அந்த அளவை அப்படியே திரைக்குக் கொண்டுவந்தால் படம் வெளிறித் தெரியும். இந்தச் சொல் இருந்தால் அச்சின் மிக ஆழமான கறுப்பு திரையின் முழுக் கறுப்பாகிறது.

இவ்வளவு சரியாகச் செய்த பிறகும் ஒரு சந்தேகம் வரும். ராப்பரின் தலைப்பு எழுத்துகள் கறுப்பு 100 சதவீதம். சூத்திரத்தில் 0, 0, 0 என்று கன்னங்கரேலென்று இருந்தவை புரொஃபைல் வழியே 35, 31, 32 ஆகிவிடும். சாம்பல் கலந்த கறுப்பு. புரொஃபைல் பொய் சொல்லவில்லை. கறுப்பு மை மட்டும் விழுந்த இடத்தைவிட நான்கு மையும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த இடம் காகிதத்தில் உண்மையிலேயே கறுப்பாக இருக்கும். முழுக் கறுப்பு என்ற இடம் அதற்குப் போய்விட்டது. புகைப்படங்களில் இதைத் தொடவே கூடாது. எழுத்து மட்டுமே உள்ள அட்டை, அழைப்பிதழ் என்றால் மாற்றி முடித்தபின் லெவல்ஸ் கருவியில் கறுப்புப் பக்கத்து முனையை 35 வரை உள்ளே தள்ளிவிடலாம். அதைவிட நல்லது, கோரல் டிராவிலோ இன்டிசைனிலோ உள்ள மூலக் கோப்பைத் திறந்து எழுத்தின் கறுப்பை 0, 0, 0 என்று வைத்துத் திரைக்கெனத் தனியாக ஏற்றுமதி செய்வது.

போட்டோஷாப்பில் செய்பவர்கள் `Edit` மெனுவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கட்டளைகளைக் குழப்பிக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். `Assign Profile` எண்களைத் தொடாது. அவற்றின் பொருளை மட்டும் மாற்றும். ஆகவே நிறம் மாறித் தெரியும். `Convert to Profile` நிறத்தைக் காப்பாற்றி எண்களை மாற்றும். புரொஃபைல் இல்லாத சிஎம்ஒய்கே படத்துக்கு முதலில் `Assign Profile`, பிறகு `Convert to Profile`, அங்கே `sRGB IEC61966-2.1`. புரொஃபைல் ஏற்கெனவே இருந்தால் இரண்டாவது மட்டும் போதும்.

நான் செய்த ஒரு தவறையும் சொல்லவேண்டும், ஏனென்றால் மொத்தமாக மாற்றும் எல்லோரும் இதில் விழலாம். பழைய அட்டைப்படங்கள் நூற்றுக்கு மேல் ஒரு ஃபோல்டரில் இருந்தன. இரண்டு புரொஃபைல் உள்ள கட்டளையை எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சில் ஓட்டினேன். படங்கள் நன்றாகத்தான் வந்தன. சில மட்டும் களையிழந்து இருந்தன. கேமராவிலிருந்து வந்த நல்ல ஆர்ஜிபி படங்கள் சில அந்த ஃபோல்டரில் கலந்து கிடந்தன. அவற்றுக்குள் ஏற்கெனவே புரொஃபைல் இருந்ததால், கட்டளையின் முதல் `-profile` அங்கே அறிவிப்பாக வேலை செய்யவில்லை. மாற்றமாகவே வேலை செய்தது. படம் ஒருமுறை அச்சு மைக்குள் இறங்கி, மறுபடி திரைக்கு ஏறி வந்தது. அச்சு மையால் காட்ட முடியாத பளிச்சென்ற நீலமும் பச்சையும் அந்தப் பயணத்தில் வெட்டுப்பட்டுப் போயின. வெட்டுப்பட்டது திரும்ப வராது. மூலப்படங்களை வேறிடத்தில் வைத்திருந்ததால் பிழைத்தேன். இப்போதெல்லாம் `identify` கட்டளையை முதலில் ஓட்டி, சிஎம்ஒய்கேயில் புரொஃபைல் உள்ளவை, இல்லாதவை, ஆர்ஜிபி என்று மூன்று ஃபோல்டர்களாகப் பிரித்த பிறகுதான் அடுத்த வேலை.

அதே காரணத்தால்தான், ஆசிரியரின் புகைப்படம் போன்றவற்றுக்கு அச்சகக் கோப்பை நம்பியிருக்கக் கூடாது என்கிறேன். அச்சுக்காக மையாக மாற்றியபோதே அது கொஞ்சம் நிறத்தை இழந்துவிட்டது. எஸ்ஆர்ஜிபிக்குத் திரும்பினால் அச்சில் இருந்ததுபோல் தெரியும். கேமராவில் இருந்ததுபோல் தெரியாது. எதிர்ப்பக்கத்திலும் எல்லை உண்டு. தூய சயானுக்குச் சிவப்பு எண் பூஜ்யம் என்று வந்ததைக் கவனித்திருப்பீர்கள்; அந்த மை நிறம் எஸ்ஆர்ஜிபியின் எல்லைக்கு வெளியே கிடக்கிறது. விளிம்புவரை கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம், அவ்வளவுதான்.

சில சமயம் படம் மொத்தமும் நெகட்டிவாக வரும். வெள்ளை கறுப்பாக, முகம் நீலமாக. அதற்குக் காரணம் வேறு. அடோபி மென்பொருள்கள் சிஎம்ஒய்கே ஜேபெக்கைச் சேமிக்கும்போது எண்களைத் தலைகீழாக, அதாவது மை இல்லாத இடத்தை 255 என்று எழுதிவைக்கும். அந்தக் குறிப்பைக் கவனிக்காத மென்பொருள் அப்படியே படித்துவிடுகிறது. இப்படி வந்தால் கோப்பு கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். வேறு மென்பொருளில் திறந்து மாற்றினால் சரியாகும்.

மாற்றாமலே சிஎம்ஒய்கே ஜேபெக்கை இணையத்தில் ஏற்றினால் என்ன என்று கேட்கலாம். பிஎன்ஜி, வெப்பி இரண்டிலும் சிஎம்ஒய்கேக்கு இடமே இல்லை. ஜேபெக்கில் உண்டு, ஆனால் எந்த மென்பொருள் புரொஃபைலைப் படித்துக் காட்டும், எது சூத்திரத்தைப் போட்டுக் காட்டும் என்று நம் கையில் இல்லை. எடையும் கூடுதல். நான்கு மைகளின் எல்லாக் கலவைகளுக்கும் அட்டவணை வேண்டியிருப்பதால், மேலே சொன்ன அமெரிக்கப் புரொஃபைல் மட்டுமே அரை எம்பிக்கு மேல் இருக்கிறது. எஸ்ஆர்ஜிபிக்குச் சில எண்களும் ஒரு வளைகோடும் போதும். வழக்கமான கோப்பு சுமார் 3 கேபி. ஐம்பது கேபி சிறுபடத்துக்குள் அரை எம்பி அகராதியைக் கட்டி அனுப்புவது வாசகரின் டேட்டாவை வீணாக்குவது. இதற்குப் பயந்து சிலர் `-strip` போட்டுப் புரொஃபைலைக் கழற்றிவிடுகிறார்கள். எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி முடித்த படத்தில் கழற்றினால் குற்றமில்லை. மாற்றுவதற்கு முன் கழற்றினால், எழுத்தாளர் தொலைபேசியில் கூப்பிட்ட அதே இடத்துக்கு வந்துவிடுவோம்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அச்சகத்திலும் டிடிபியிலும் இருக்கும் நண்பர்களே, ராப்பரை ஜேபெக்காகவோ டிஃப்பாகவோ சேமிக்கும்போது அந்தப் பெட்டியின் அடியில் `ICC Profile` என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். அதிலுள்ள டிக்கை எடுத்துவிடாதீர்கள்.